மாவுச்சத்தைக் குறைக்க மளிகைக் கடையே போதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விலைகள் தோராயமானவை. ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

தானியத்தையும் பருப்பையும் விலக்கும் பேலியோ உணவுமுறையில் காலையில் நூறு பாதாம் சாப்பிடச் சொல்கிறார்கள். அதற்கே மாதம் மூவாயிரத்துக்கு மேல் ஆகிறது. வேறு வழி இல்லையா?

இருக்கிறது. நூறு பாதாம் ஏறக்குறைய 120 கிராம் எடை வரும். கிலோ 900 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு வேளைக்கு 108 ரூபாய். அதில் கிடைக்கும் புரதம் சுமார் 25 கிராம். மாவுச்சத்து நாரையும் சேர்த்து 26 கிராம். அதில் பாதிக்கு மேல் நார்தான்.

இதற்குப் பதிலாக மூன்று முட்டையும் 60 கிராம் வறுத்த நிலக்கடலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை ஒன்று ஏழு ரூபாய், கடலை கிலோ 150 ரூபாய் என்றால் மொத்தம் 30 ரூபாய். புரதம் 33 கிராம். மாவுச்சத்து நாருடன் சேர்த்து 12 கிராம். முட்டையை நல்லெண்ணெயிலோ நெய்யிலோ பொரித்தால் மதியம் வரை பசி எடுக்காது. நாளுக்கு 78 ரூபாய் மிச்சம். ஒரு மாதத்தில் அது இரண்டாயிரத்து முந்நூறைத் தாண்டும்.

பேலியோ முறையை அப்படியே பின்பற்றுகிறவர்கள் நிலக்கடலையைச் சேர்க்க மாட்டார்கள். அது பருப்பு வகையைச் சேர்ந்தது, பருப்பு அந்த முறையில் விலக்கு. அது அந்த முறையின் விதி. மாவுச்சத்தைக் கணக்கிட்டுக் குறைப்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் நிலக்கடலைக்குத் தடை ஏதும் இல்லை. பணம் இல்லாததால் இந்த உணவுமுறையே நமக்கு ஒத்துவராது என்று பலர் விலகிப்போகிறார்கள். எனக்கு அது மிகுந்த வருத்தம் தருகிறது.

நான் சர்க்கரை மாத்திரை போடுகிறேன். நாளைக்கே சோற்றை நிறுத்திவிடலாமா?

கூடாது. முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்தின் அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளில் வேறொரு ஆபத்து உண்டு. சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோ அமிலங்கள் பெருகிவிடலாம். அப்போது வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வரும். வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடிய நிலை அல்ல அது.

ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிராம் வரை போகலாம்?

நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தால் அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 50 கிராமுக்குக் கீழே போனால் அது கீட்டோ வகை. நம் ஊர்ப் பொருட்களைக் கொண்டு, சிரமப்படாமல், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டபடி நிலைநிறுத்தக் கூடிய அளவு 100 கிராம் என்பது என் கருத்து. 20 கிராம் என்று இறுக்கிப் பிடிக்கும்போதுதான் விலை உயர்ந்த மாவுகளும் ரொட்டிகளும் தேவை என்ற எண்ணம் வருகிறது.

வீட்டில் மற்ற மூவரும் சோறுதான் சாப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் தனிச் சமையல் செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை.

தனிச் சமையல் தேவையில்லை. நம் மதிய உணவில் மாவுச்சத்து பெரும்பாலும் சோற்றில்தான் இருக்கிறது. மீன் குழம்பு, பொரியல், கூட்டு, கீரை, ரசம், மோர் ஆகியவற்றில் இருப்பது குறைவு. சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. தட்டு நிறையச் சோறு என்றால் எளிதாக 300 கிராம் வரும். அந்த ஒரு தட்டிலேயே 84 கிராம் முடிந்துவிடுகிறது.

ஆகவே ரேஷன் அரிசியை மற்றவர்களுக்கு வழக்கம்போல வடியுங்கள். நீங்கள் பொரியலை இரண்டு மடங்கு வைத்துக்கொண்டு சோற்றை ஒரு சிறு கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. கால் கிலோ முட்டைக்கோஸ் வாங்கிய வீட்டில் இனி முக்கால் கிலோ வாங்க வேண்டும். பொரியல் போதாமல் போகும் வீட்டில்தான் பசி தாங்காமல் இரண்டாவது முறை சோறு விழுகிறது.

ஒரு முழு நாளைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். எல்லாவற்றிலும் நாரும் சேர்த்தே சொல்கிறேன்.

காலையில் சர்க்கரை இல்லாத காபி, அதில் 100 மில்லி பால்: 5 கிராம். மூன்று முட்டை ஆம்லெட், ஒரு கைப்பிடி வெங்காயம், 40 கிராம் தேங்காயில் அரைத்த சட்னி: 11 கிராம். சட்னியில் பொட்டுக்கடலை போடாதீர்கள். அது வெறும் கடலைப் பருப்புதான், பாதிக்கு மேல் மாவுச்சத்து.

மதியம் 75 கிராம் சோறு: 21. ஒரு கரண்டி சாம்பார், அதில் 20 கிராம் பருப்பு: 12. முட்டைக்கோஸ் பொரியல் 200 கிராம்: 12. முள் நீக்கி 150 கிராம் வரும் அளவுக்கு மத்தி மீன்: மீனில் மாவுச்சத்து இல்லை. 100 கிராம் தயிரைக் கடைந்த மோர்: 4. ஆக, மதியத்துக்கு 49 கிராம்.

மாலையில் 40 கிராம் நிலக்கடலையை அவித்தோ வறுத்தோ, கூடவே இன்னொரு காபி: 12 கிராம். இரவு 40 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துச் செய்த குழம்பும், 150 கிராம் புடலங்காய்க் கூட்டும்: 22 கிராம்.

மொத்தம் 99 கிராம். புரதம் 80 கிராமைத் தாண்டுகிறது. சோற்றையும் சாம்பாரையும் விட்டுவிட்டால் அதே நாள் 66 கிராமில் முடிகிறது. இதில் எந்தப் பொருளும் மளிகைக் கடை, காய்க் கடை, மீன் கடை ஆகியவற்றைத் தாண்டி வாங்கியது அல்ல.

சோற்றுக்குப் பதில் தினை, சாமை, கேழ்வரகு என்று மாறினால் போதாதா?

மாவுச்சத்தைக் குறைக்க அது போதாது. அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. தினை, கம்பு, கேழ்வரகு எல்லாம் 60 முதல் 70 கிராம் வரை இருக்கும். கோதுமை மாவும் அதே கணக்குதான். சிறுதானியத்தில் நார் அதிகம், சத்துகள் அதிகம். ஒரு சிறு கரண்டிச் சோற்றின் இடத்தில் ஒரு சிறு கரண்டி சாமைச் சோறு வைப்பது நல்ல மாற்றம். தட்டு நிறைய வைத்தால் கணக்கு பெரிதாக மாறாது.

நாட்டுச்சர்க்கரை, பனைவெல்லம், தேன் மூன்றும் இந்தக் கணக்கில் சர்க்கரையேதான். இளநீரையும் தண்ணீர் என்று நினைத்துக் குடிக்காதீர்கள். ஒரு காயில் 10 கிராம் வரை போகும்.

காய்கறி எங்கே, எது வாங்குவது?

பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையிலேயே அங்கே போங்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். அந்தப் பலகையைப் பார்த்து அன்று எந்தக் கீரை, எந்தக் கொடிக்காய் மலிவு என்று முடிவு செய்யுங்கள். என்ன பொரியல் என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுப் போனால் செலவு கூடும்.

கீரை எதுவானாலும் சரி. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், பாகற்காய், கோவைக்காய், வெண்பூசணி, கத்தரிக்காய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெண்டைக்காய் எல்லாம் 100 கிராமுக்கு ஏழு கிராமுக்குள் அடங்கும். ப்ராக்கோலி, சுக்கினி என்று தேடிப் போக வேண்டியதில்லை. சுக்கினி செய்யும் வேலையைச் சுரைக்காய் செய்யும்.

மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்குகளில் கவனம் வேண்டும். உருளைக்கிழங்கில் 17 கிராம், சேப்பங்கிழங்கில் 26, மரவள்ளியில் 38. கேரட், பீட்ரூட் சுமார் 10. வாழைக்காயும் கிழங்குக்கு இணையானதே. முள்ளங்கி விதிவிலக்கு, தாராளமாக வாங்கலாம்.

மீன் விலையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. மலிவாக எது கிடைக்கும்?

வஞ்சிரத்தையும் வவ்வாலையும் பார்க்காமல் கீழ்த் தட்டுகளைப் பாருங்கள். மத்தி, அயிலை, நெத்திலி, காரப்பொடி ஆகியவை கொழுப்பும் புரதமும் நிறைந்த மீன்கள். வரத்து நன்றாக உள்ள நாளில் மத்தி கிலோ 200 ரூபாய்க்கு அருகில் கிடைக்கும். தலை, குடல், முள் போனாலும் 110 கிராம் புரதம் தேறும்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் மீன் விலை ஏறும். அப்போது முட்டைக்கும் கோழிக்கும் மாறிக்கொள்ளுங்கள். கருவாடும் கைகொடுக்கும், ஆனால் உப்பு அதிகம்.

மத்தியும் அயிலையும் வேகமாகக் கெடும் மீன்கள். கண் பிதுங்கித் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு உறுதியாக இருக்க வேண்டும். வயிறு கிழிந்து குடல் தெரியும் மத்தியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் சேரும். சமைத்தாலும் அது அழியாது. வாயில் வைத்ததும் நாக்கு எரிவது போல, கூசுவது போல இருந்தால் மொத்தக் குழம்பையும் கொட்டிவிடுங்கள்.

நிலக்கடலை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கடையில் தெளிவாக நிலக்கடலை அல்லது வேர்க்கடலை என்று கேளுங்கள். கடலை மாவு என்று கேட்டால் பஜ்ஜி மாவுக்கு உரிய கடலைப் பருப்பு மாவுதான் கிடைக்கும். அதில் மாவுச்சத்து பாதிக்கு மேல்.

தோலுடன் உள்ள வறுக்காத கடலையை, விற்பனை அதிகமுள்ள கடையில், இரண்டு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டில் பரப்பிப் பாருங்கள். சுருங்கியவை, நிறம் மாறியவை, பச்சையாகவோ சாம்பலாகவோ பூசணம் படிந்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஈரத்தில் வைத்த கடலையில் வளரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்கக் கூடியது, வறுத்தாலும் அவித்தாலும் முழுவதும் போகாது. மெல்லும்போது கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். நல்ல பருப்பை ஒரு நாள் வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

நாங்கள் சைவம். முட்டையும் இல்லை. புரதத்துக்குப் பனீர் வாங்கிக் கட்டுப்படியாகுமா?

தினமும் என்றால் கட்டுப்படியாகாது. கிலோ 420 ரூபாய் பனீரில் 180 கிராம் புரதம். ஒரு கிராமுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. மீல்மேக்கர் கிலோ 180 ரூபாய், அதில் 520 கிராம் புரதம். ஒரு கிராம் 35 காசு. நிலக்கடலையில் 60 காசு. எனவே தினசரிப் புரதத்தை மீல்மேக்கர், நிலக்கடலை, தயிர் ஆகியவற்றில் நிறுத்தி, பனீரை வாரத்தில் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மீல்மேக்கரை உப்பு போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, இன்னொரு முறை கழுவிப் பிழியுங்கள். பச்சை வாசனை போய்விடும். சோயா தைராய்டு மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும். அந்த மாத்திரை எடுப்பவர்கள் காலை உணவில் இதைச் சேர்க்காமல் மதியமோ இரவோ சாப்பிடுங்கள்.

ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு மலிவுதான். ஆனால் பருப்பு வகைகளில் புரதத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு மாவுச்சத்து உண்டு. ஒரு வேளைக்கு 20, 30 கிராம் என்ற அளவோடு நிறுத்துங்கள். சுண்டலும் அப்படியே. முளைகட்டினாலும் மாவுச்சத்து பெரிதாகக் குறையாது.

எண்ணெய்க்கு ஆலிவ், எம்.சி.டி. என்றெல்லாம் சொல்கிறார்களே?

தேவையில்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றில் வீட்டுக்குப் பழகிய எதுவும் போதும். எந்த எண்ணெயிலும் மாவுச்சத்து இல்லை.

தொடங்கிய இரண்டாம் நாளே தலைவலி, சோர்வு. ஏதாவது உப்புப் பொடி வாங்க வேண்டுமா?

மாவுச்சத்தைக் குறைத்ததும் உடல் முதல் சில நாட்களில் நீரையும் உப்பையும் அதிகமாக வெளியேற்றும். தலைவலி பெரும்பாலும் அதனால்தான். உப்புப் போட்ட மோர் இரண்டு தம்ளர், ஒரு கிண்ணம் ரசம், போதுமான தண்ணீர் இவை போதும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

எனக்குத் தோசை இல்லாமல் இருக்க முடியவில்லை. குறைந்த மாவுச்சத்து மாவு கிலோ 500 ரூபாய் என்றாலும் வாங்கிவிடலாமா?

வாங்கும் முன் தேங்காய்ச் சக்கையில் அடை செய்து பாருங்கள். குழம்புக்குப் பால் பிழிந்த பிறகு குப்பைக்குப் போகும் சக்கையை அடிகனமான வாணலியில் எண்ணெய் இல்லாமல், மிகக் குறைந்த தீயில், ஈரம் போகும் வரை கிளறுங்கள். நிறம் மாற விடாதீர்கள். ஆறியதும் மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொண்டு விழுதாகிவிடும். இந்தப் பொடி வெளியே இருந்தால் சிக்கு வாசனை வரும், ஆகவே குளிர்பெட்டியில் வையுங்கள்.

மூன்று மேசைக்கரண்டிப் பொடி, இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி இசப்கோல், உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். பொடி நீரை இழுத்துக் கெட்டியாகும், கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தளர்த்துங்கள். உள்ளங்கை அளவில் தட்டிச் சிறு தீயில் வேகவையுங்கள். திருப்பும்போது உடைந்தால் இசப்கோல் குறைவு. உள்ளே பசைபோல் ஒட்டினால் அது அதிகம். மருந்துக் கடையில் விற்கும் சாதாரண இசப்கோல் போதும். தோசையின் முறுகல் இதில் வராது. சட்னியோடு சாப்பிட ஏற்ற மெத்தென்ற அடை கிடைக்கும்.

பாக்கெட்டில் நிகர மாவுச்சத்து 6 கிராம்தான் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

நிகர மாவுச்சத்து என்றால் நாரைக் கழித்த கணக்கு. பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையைப் படியுங்கள். அதில் 100 கிராமுக்கு உள்ள கலோரி, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் இருக்கும். அவற்றை வைத்தே உண்மையைச் சோதிக்கலாம். புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4, நாருக்குச் சுமார் 2.

ஒரு மாவு பாக்கெட்டில் 370 கலோரி, புரதம் 25 கிராம், கொழுப்பு 8 கிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். புரதத்துக்கு 100, கொழுப்புக்கு 72, ஆக 172. மீதி 198 கலோரி. மாவுச்சத்து 6 கிராம்தான் என்றால் அதற்கு 24 போக, 174 கலோரி நாரிலிருந்து வந்திருக்க வேண்டும். அதற்கு 87 கிராம் நார் தேவை. இப்போது கூட்டிப் பாருங்கள்: 25, 8, 6, 87 சேர்ந்தால் 126 கிராம். 100 கிராம் மாவுக்குள் அது எப்படி அடங்கும்? அட்டவணையிலோ முன்பக்கத்திலோ ஏதோ ஒன்று தவறு. பாக்கெட்டை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

சில பாக்கெட்டுகளில் 6 கிராம் என்பது ஒரு சப்பாத்திக்கு உரிய அளவாக இருக்கும். சிறிய எழுத்தில் பரிமாறும் அளவு என்ன என்று பாருங்கள். சேர்பொருட்களின் பட்டியலையும் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரை இல்லாத பிஸ்கட் என்று விற்பதில் முதல் பெயர் மைதாவாகவோ கோதுமை மாவாகவோ இருந்தால், சர்க்கரை சேர்க்காதது உண்மையே என்றாலும் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர் இருந்தாலும் வேண்டாம்; அது ரத்தத்தில் சர்க்கரையைப் போலவே வேகமாக ஏறும்.